பெயர் வைக்கப் பயந்தோம்

என் மகன் பிறந்து ஏழாவது நாள். வேலூர் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தான். பிறந்த அன்றே என் கணவர் உள்ளே போய் அவன் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்லிவிட்டார். ஆனால் பெயரை வாயில் எடுக்க எல்லாருக்கும் பயம். காலில் கட்டிய பட்டையில் என் பெயரைப் போட்டு 'ஷமீமின் குழந்தை' என்றுதான் இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் முதல் மகள் மூன்றாம் நாளே மௌத்தாகிவிட்டாள். ஏழாம் நாள் பெயர் வைக்கலாம் என்றிருந்தோம். பெயரில்லாமலே அடக்கினோம்.

"இவன பிச்சைன்னு கூப்டலாம்மா. மட்டமான பேரு வச்சா மௌத்து திரும்பிப் பாக்காது" என்றார் மாமி, என் கணவரின் அம்மா. ஆம்பூரிலிருந்து என் அண்ணன் போனில், "இன்னா மாமி இது? ஷாஹன்ஷான்னு வைங்க, ராஜாதி ராஜன்!" என்றான். எனக்கு இரண்டு பேர் மீதும் எரிச்சல். அல்லாஹ்விடம் துஆவுக்குக் கையேந்தினால், யாருக்காகக் கேட்பது என்றே நாக்கு தடுமாறியது.

கடைசியில் என் கணவர் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார்.

"இழிவான பேரு வேணாம். நபியவங்க அந்த மாதிரி பேர மாத்தி வச்சாங்க. ராஜாதி ராஜன் அல்லாஹ் ஒருத்தன்தான், அதுவும் கூடாது. அப்துர் ரஹ்மான்னு வைங்க, அருளாளனோட அடிமைன்னு அர்த்தம். அல்லாஹ்வுக்குப் பிடிச்ச பேரு. வெறும் ரஹ்மான்னு மட்டும் சுருக்காதீங்க, அது படைச்சவன் பேரு."

"புள்ள பொறந்ததுக்கு அறுக்கற அகீகா ஆடு, முடி எறக்கறது?" என்றார் என் கணவர்.

"பதினாலாம் நாளோ இருபத்தொண்ணாம் நாளோ, புள்ள வீட்டுக்கு வந்ததும் பாத்துக்கலாம். பேரு அவனோட உரிமை, இன்னிக்கே வைங்க."

நான் போனை வாங்கினேன். "உசுரு நிக்கலன்னா, ஹஜ்ரத்?"

"பேரோட போகட்டும்மா."

அழுதேன். "யா அல்லாஹ், அப்துர் ரஹ்மான் உன் அடிமை. என் கையில் ஒன்றுமே இல்லை" என்று கேட்டேன். மனம் அமைதியாகவில்லை. மறுநாள் அவன் நிலைமை இன்னும் மோசமானது. நான் அதே வார்த்தைகளைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு எதுவும் வரவில்லை.

பதினோராம் நாள் செயற்கை மூச்சுக் குழாயை எடுத்தார்கள். தானாக மூச்சுவிட்டான். இருபத்தோராம் நாள் வீட்டில் முடி இறக்கி, இரண்டு ஆடு அறுத்து அகீகா கொடுத்தோம். பெயர் அவனைக் காப்பாற்றவில்லை, சகோதரிகளே. காப்பாற்றியவன் அல்லாஹ். உங்கள் பிள்ளைக்கு நல்ல பெயராக வைத்து அவனிடமே ஒப்படையுங்கள். பயத்தோடு ஒப்படைத்தாலும் பரவாயில்லை, நானும் அப்படித்தான் செய்தேன்.

ஏழாம் நாள் அந்தப் போனிலேயே ஹஜ்ரத்திடம் இன்னொன்றும் கேட்டேன். இறந்த பிள்ளைக்கும் பெயர் வைக்கலாம் என்றார். என் கணவர் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்: 'அல்ஹம்துலில்லாஹ். எங்கள் மகன் பெயர் அப்துர் ரஹ்மான். அவனுடைய அக்கா பெயர் ஆமினா.'

மாமி அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். "ஆமினா" என்று ஒரு தரம் சொன்னார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து துஆவுக்குக் கையேந்தினார்.