பூப்போட்ட உறை

அறுவை சிகிச்சை வார்டில் அவளுக்குப் பெயரே ‘போலீஸ் அக்கா’தான். கை கழுவாமல் யார் நோயாளியைத் தொட்டாலும் பின்னால் வந்து நிற்பாள். தொற்றுத் தடுப்பு நர்ஸுக்கு வேலையே அதுதானே!

அந்த மாதம் மூன்று பேரின் தையல் காயத்தில் ஒரே கிருமியால் சீழ் வைத்தது. ஆய்வகத் தட்டில் அதை வளர்த்துப் பார்த்தால், கொல்ல வேண்டிய பென்சிலின் வகை மருந்து வில்லையை ஒட்டியே தைரியமாக வளர்ந்திருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியவளுக்குக் கடைசியில் அகப்பட்டது, பி.பி. பார்க்கும் பட்டையின் பூப்போட்ட உறை. மெலிந்த கைகளுக்கு உறுத்தக் கூடாதென்று வார்டு சிஸ்டர் ஆசையாகத் தைத்தது. வார்டுக்கே அது ஒன்றுதான். அதைத் துடைத்தெடுத்த பஞ்சிலும் அதே கிருமி.

சிஸ்டரின் முகம் வாடிப்போனது. “என் உறையாலயா? ஏன்டி, பென்சிலினுக்குக்கூட சாகாதா?”

“கிருமி தன்னோட சுவரைக் கட்ட ஒரு புரதம் வச்சிருக்கும், சிஸ்டர். பென்சிலின் அதைப் பிடிச்சு முடக்கிடும். இது வேற வடிவத்துல இன்னொரு புரதம் செஞ்சுக்குது. மருந்துக்குப் பிடி கிடைக்காது, சுவர் வேலை நிக்காது. இங்க மருந்து குடுக்கக் குடுக்க மத்த கிருமிதான் சாகுது, இதுக்கு இடம் காலியாகுது. அப்புறம் ஒரு கையோ துணியோ போதும், அடுத்த காயத்துக்குப் போயிடும்.”

சிஸ்டர் உறையைக் கழற்றினாள். ஆசையாகத் தைத்ததைக் கழற்ற வைத்துவிட்டோமே என்று போலீஸ் அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுவாரம் படுக்கைக்கு ஒரு பட்டை வந்தது. ஒவ்வொன்றுக்கும் சிஸ்டரே தைத்த, கொதிநீரில் துவைக்கக்கூடிய புது உறை, மறுபடியும் பூப்போட்டு. நெகிழ்ந்துபோய் ஒன்றைத் தடவப் போலீஸ் அக்கா நீட்டிய கையைச் சிஸ்டர் தட்டிவிட்டாள்.

“முதல்ல போய்க் கை கழுவிட்டு வாடி!”