கார்டு ஆபிசிலேயே இருக்கட்டும்

எண்பதுகளின் பின்பாதியில் ஈப்போவில் நாங்கள் குடியிருந்த எட்டு மாடி ஃபிளாட்டில், வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடி நிர்வாகக் கம்பெனியை வெளியே அனுப்பினோம். சொன்னால் ஒரு வரி. நடந்தபோது எனக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனி கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், வந்த பிறகு, சட்டப்படி வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் கட்டடத்தின் நிர்வாகச் சங்கம். சங்கத்துக்கு ஒரு செயற்குழு. செயற்குழுவில் எனக்குப் பொருளாளர் பதவி. நான் இரும்புக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்ததால், "கணக்குத் தெரிஞ்ச பொம்பள" என்று எல்லாரும் கையைத் தூக்கி என்னை மாட்டிவிட்டார்கள். தலைவர் ஈயச் சுரங்க லம்பத்து ஆபிசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சீனர். என்னோடு மலாயில்தான் பேசுவார். அதிகம் பேசமாட்டார், கேட்டால்தான் பதில்.

மாதக் கட்டணம் வசூலிப்பது, படிக்கட்டு கூட்டுவது, லிஃப்டைப் பராமரிப்பது எல்லாம் கம்பெனியின் வேலை. கட்டடம் கட்டியவர்கள் காலத்திலேயே வந்து உட்கார்ந்த கம்பெனி அது. சங்கத்தின் செக்கில் கையெழுத்துப் போடுவதும் அவர்களே. கீழ்த்தளத்தில் அவர்களுக்கு ஓர் ஆபிஸ். அதன் சுவரில் வீட்டுக்கு ஒன்றாக மஞ்சள் கார்டுகளைச் செருகி வைக்கும் மரப்பெட்டி இருந்தது. பணம் கட்டினால் கிளார்க் அந்தக் கார்டில் முத்திரை குத்துவார். தனி ரசீது கிடையாது. கார்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்தான். யாரும் கொண்டுபோகவில்லை.

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும், பாவமாகவும் இருக்கும். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களை விற்றபோது வெளியே வந்தவர்கள். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுத்தால் போதும், மிச்சத்தைத் தோட்டத்துக் கணக்கர், கிராணி, எழுதிக்கொள்வார். எழுதியதைக் காட்டச் சொன்னால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். அந்தப் பழக்கம் தோட்டத்தோடு நிற்காமல் லிஃப்ட் ஏறி எட்டாவது மாடிவரை வந்துவிட்டது. "நம்ம வீட்டுல வச்சா புள்ளைங்க கிழிச்சிடும். கார்டு ஆபிசிலேயே இருக்கட்டும்" என்பார்கள். என்னமோ பெரிய பாதுகாப்பு!

என் கார்டை நான் வீட்டில்தான் வைத்திருந்தேன். கணக்குக்காரியின் புத்தி, வேறொன்றும் இல்லை.

விவகாரம் லிஃப்டில் ஆரம்பித்தது. பழுது பார்க்க ஆள் வராததால் நானே லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தேன். பல மாதங்களாகத் தங்களுக்குப் பணம் வரவில்லை என்றார்கள். எங்களிடம் கொடுத்த கணக்கிலோ மாதாமாதம் கட்டியதாக இருந்தது. கூரைக்குத் தார் பூசியதற்கு ஒரு பில் வேறு. கூரைக்குப் போய்ப் பார்த்தேன், பழைய பாசி அப்படியே இருந்தது. சங்கத்தின் ஆடிட்டர் இந்தக் கணக்கில் கையெழுத்துப் போட முடியாது என்று திருப்பி அனுப்பினார்.

தலைவர் பதற்றப்படவில்லை. "முதல்ல பேங்க்கு. கடிதம் அப்புறம்" என்றார். செயற்குழுவைக் கூட்டித் தீர்மானம் எழுதி, அதன் நகலோடு இருவரும் பேங்க்குக்குப் போனோம். இனிமேல் செக்கில் தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று மாற்றினோம். கம்பெனியை நீக்கும் விஷயத்தைப் பொதுக்கூட்டத்தில் வைப்பது என்று முடிவானது. கம்பெனியோடு இருந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதே ஒரு பொதுக்கூட்டம்தான். நீக்குவதையும் பொதுக்கூட்டமே செய்யட்டும், பிறகு யாரும் வாய் திறக்க முடியாது என்றார் நாங்கள் யோசனை கேட்ட வக்கீல். கூட்ட அறிவிப்பை வீடு வீடாகக் கொடுத்தோம்.

பேங்க்கில் செக் திரும்பியதும் கம்பெனி மேனேஜர் வந்துவிட்டார். தமிழர்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, எல்லாரையும் சிஸ்டர் என்று கூப்பிடும் வாய். என் வீட்டு வாசலில் நின்று குரலை உயர்த்தாமல் பேசினார்.

"சிஸ்டர், நம்ம ஆளுங்களுக்குள்ள இது தேவையாலா? அந்தச் சீனன் பேச்சக் கேட்டு ஆடுறீங்க. நாளைக்குக் கோர்ட்டு, கேசுன்னு வந்தா உங்க பேருதான் முன்னால நிக்கும்."

"நிக்கட்டும். லிஃப்ட் காசு எங்கண்ணே?" என்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் இரண்டு நாளில் தெரிந்தது. அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். கட்டணம் பாக்கி வைத்திருக்கும் வீடுகள், கூட்டத்தில் ஓட்டுப் போட உரிமை இல்லாதவர்கள். பாக்கி இருந்தால் ஓட்டு இல்லை என்பது சட்டம், அதில் பொய் இல்லை. பொய் பட்டியலில் இருந்தது. கம்பெனிக்கு எதிராகக் கை தூக்கக்கூடியவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். என் பேர் இல்லை. என் கார்டு என்னிடம் இருந்தது அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டு அக்காவின் பேர் இருந்தது. லகாட் பக்கம் செருப்புத் தொழிற்சாலையில் வேலை. புருஷன் லோரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். சம்பளம் வாங்கிய அன்றே கீழே இறங்கிக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் அக்கா மார்க்கெட்டுக்குப் போவார். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவருடைய பேருக்கு நேராக ஓராண்டுப் பாக்கி என்று எழுதியிருந்தது. பலகைக்கு முன்னால் நின்றவரின் முகம் செத்துப்போயிருந்தது.

"நான் கட்டாம இருந்தேனாலா? நீயே சொல்லு தங்கச்சி. என் பேர இப்படி ரோட்டுல போட்டுட்டானே!"

அக்காவையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு ஆபிசுக்குப் போனேன். மரப்பெட்டி சுவரில் இல்லை. அது இருந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கார்டெல்லாம் தலைமை ஆபிசுக்குப் போய்விட்டது என்றார் கிளார்க், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

வக்கீலிடம் ஓடினோம். கட்டியதற்குச் சாட்சி வேண்டும் என்றார். கூட்டம் நடப்பதற்கு முன்னால் அதை நிரூபிக்க முடியாது. ஒரே வழி, எதிர்ப்போடு மறுபடி கட்டுவது. பணத்தைச் சங்கத்தின் கணக்கில் போட்டு, பொருளாளர் ரசீது கொடுத்துவிட்டால் அவர்கள் ஓட்டை யாரும் அசைக்க முடியாது. ரசீதில் "எதிர்ப்புடன் செலுத்தியது" என்று எழுத வேண்டும், சண்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கட்டிய காசை மறுபடி கட்டு என்று ஏழைகளிடம் போய்ச் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. சிலர் கதவைச் சாத்தினார்கள். கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் தன் பங்கைக் கட்டியதோடு, இன்னும் இரண்டு வீட்டுக்குக் கடனும் கொடுத்தார். அக்கா மட்டும் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"மவளுக்குத் தையல் மெஷின் வாங்கலாம்னு சீட்டுப் போட்டிருந்தேன். தள்ளி எடுத்தா கிடைக்கும்," என்றார். "இதக் கட்டினா எனக்கு இந்தக் காசு திரும்ப வருமா?"

"கணக்கெல்லாம் நம்ம கைக்கு வரட்டும்க்கா. கார்டு வந்ததும் பாத்துக்கலாம்."

நம்பித்தான் சொன்னேன். ஆனால் அக்கா கேட்டது வருமா என்று, நான் சொன்னது பார்க்கலாம் என்று.

பொதுக்கூட்டம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நடந்தது. வாசலில் மேஜை போட்டு ஒவ்வொருவரையும் சரிபார்த்து உள்ளே விட்டேன். மேனேஜர் தன் பட்டியலோடு என் பக்கத்திலேயே நின்றார். பட்டியலில் இருந்தவர்கள் ரசீதை நீட்ட நீட்ட அவருடைய வாய் இறுகிக்கொண்டே போனது. தீர்மானத்தைப் பாய் முன்மொழிந்தார். கைகள் உயர்ந்ததும் தலைவர் ஒரு தடவை எண்ணினார், சந்தேகம் வேண்டாம் என்று மறுபடி எண்ணினார். மூன்று கை வித்தியாசத்தில் ஜெயித்தோம். அந்த மூன்றில் ஒன்று அக்காவுடையது என்று நானே சொல்லிக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே ஒப்பந்தப்படி ஒரு மாத நோட்டீஸ். பதிவுத் தபாலில் ஒன்று, நேரில் கொடுத்து முத்திரை வாங்கிய நகல் ஒன்று. எதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று தனியாகவும் எழுதியிருந்தோம்: கணக்குப் புத்தகங்கள், பில்கள், வீட்டுக்காரர் பதிவேடு, இன்சூரன்ஸ் காப்புறுதிப் பத்திரம், லிஃப்ட் ஒப்பந்தம், கட்டடப் பிளான், சாவிகள், சங்கத்தின் முத்திரை, கட்டணக் கார்டுகள்.

ஒப்படைத்த அன்று மேனேஜர் எல்லாவற்றையும் பெட்டிகளில் கட்டி வைத்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். எல்லாம் சரியாகப் பெற்றுக்கொண்டோம், கணக்கில் ஆட்சேபம் இல்லை என்று அதில் டைப் அடித்திருந்தது.

"கையெழுத்துப் போட்டா சாமான். இல்லேன்னா லோரியில ஏத்திருவேன்," என்றார்.

காப்புறுதிப் பத்திரம் அந்தப் பெட்டிகளில் ஒன்றில் இருந்தது. அது இல்லாமல் கட்டடத்தில் தீப்பிடித்தால் எங்கள் கதி அவ்வளவுதான். நான் தலைவரைப் பார்த்தேன். "ஜாங்கான் தாக்குட்," பயப்படாதே என்று மட்டும் மலாயில் சொன்னார். அந்த வரியைக் குறுக்கே அடித்தேன். "பெட்டிகள் பெறப்பட்டன, கணக்கு ஏற்கப்படவில்லை, கட்டணக் கார்டுகள் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் தாளைப் பிடுங்கி மடித்துக்கொண்டு போனார். போகிற போக்கில் சாவிக்கொத்தை மேஜையில் எறிந்தார்.

கார்டுகள் வரவே இல்லை. கடிதம் போட்டோம், போலீசில் புகார் கொடுத்தோம். கறையான் அரித்ததால் வீசிவிட்டோம் என்று பதில் வந்தது. கணக்குப் புத்தகங்களில் அக்கா கட்டிய எந்த மாதமும் பதிவாகவில்லை. வழக்குப் போடலாம், ஆனால் வக்கீல் செலவு போன காசைவிட அதிகமாகும் என்று செயற்குழு விட்டுவிட்டது. மறுபடி கட்டியவர்களுக்கு வரும் மாதங்களில் கழித்துக்கொடுக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அத்தாட்சி இல்லாமல் கழித்தால் இந்தக் கணக்கிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் ஆடிட்டர். அவர் சொன்னது சரி. அந்தச் சரியை எதிர்வீட்டில் போய்ச் சொல்ல வேண்டியவள் நான்.

அக்கா வேலை விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"நான் கட்டினத நீ பாத்திருக்கல்ல?"

"பாத்திருக்கேன்க்கா."

"அப்புறம்?"

"புத்தகத்துல இல்லக்கா. நான் என்ன பண்ண முடியும்?"

அக்கா சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கட்டினதுக்கு அத்தாட்சி காட்டுன்னு அந்த மேனேஜரும் இதத்தான் சொன்னான் தங்கச்சி," என்றார். பிறகு உள்ளே போய் அந்த மாதக் கட்டணத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். நான் ரசீது எழுதி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார். வாங்கி, தொகையையும் தேதியையும் என் கையெழுத்தையும் விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.