நெபுலைசர் கிண்ணத்து ஈரம்

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்துப் பரிசோதிக்கும் அவளை எல்லோரும் 'பச்சைக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சூடோமோனாஸ் என்ற கிருமி வளர்ந்த தட்டைக் கண்டால், "வந்துட்டாருய்யா பச்சைச் சட்டைக்காரர்" என்று அறையே சிரிக்கும்படி அறிவிப்பவள் அவள். அந்தக் கிருமி உமிழும் சாயம் தட்டு முழுக்க நீலம் கலந்த பச்சையாய் ஊறியிருக்கும். மூடியைத் திறக்கும் முன்பே திராட்சை வாசம் மூக்கில் ஏறும்.

விபத்தில் அடிபட்ட அவள் கணவன் அதே ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், மூச்சுக்காகத் தொண்டையில் பொருத்திய குழாயோடு கிடந்தான். ஓயாமல் பேசுகிற மனுஷன். "கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்று தினமும் அதட்டியவள், இப்போது அந்தக் குரலுக்காக ஏங்கினாள். அவன் உதட்டை அசைப்பான், குழாய் அடைத்த தொண்டையிலிருந்து சத்தம் வராது.

குழாயை எடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன வாரமே காய்ச்சல் வந்தது. அவன் சளி அவள் மேசைக்கே வந்தது. மறுநாள் தட்டு பச்சை. அன்று அறிவிப்புக்குப் பதில், தட்டில் ஒட்டியிருந்த பெயரை இன்னொரு முறை படித்தாள்.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அறிய, மருந்து வில்லைகள் வைத்த தட்டைப் பார்த்தாள். பெரும்பாலானவற்றின் விளிம்புவரை கிருமி தைரியமாக வளர்ந்திருந்தது. பிறவியிலேயே அதன் தோல் மருந்தை எளிதில் உள்ளே விடாது. நுழைந்ததையும் வெளியே இறைத்துத் தள்ளிவிடும். இரண்டே வில்லைகளைச் சுற்றித்தான் கிருமி வளராத தெளிந்த வளையம். அந்த இரண்டு மருந்துகளில் ஒன்றை டாக்டர் ஏற்றினார். காய்ச்சல் தணிந்தது. மருந்தை நிறுத்தியதும் திரும்பி வந்தது.

"எங்கிருந்தோ அவருக்குப் புதுசா போய்க்கிட்டே இருக்கு" என்றார் தொற்றுத் தடுப்பு நர்ஸ். படுக்கையருகே இருந்த ஒவ்வொன்றையும் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சை ஆய்வகத்துக்கு அனுப்பினார். கைகழுவும் தொட்டியிலும், மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசரின் கிண்ணத்திலும் எடுத்தவற்றில் பச்சை முளைத்தது. அதே இரண்டு வில்லைகளுக்குத்தான் அவையும் பணிந்தன; அதே கிருமியாகத்தான் இருக்க வேண்டும்.

கிண்ணத்தைக் கழுவியது, அவனுக்குத் துணையிருந்த அவள் நாத்தனார். ஒவ்வொரு முறையும் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று அலசி, ஈரத்தோடே பையில் போட்டு முடிச்சுப் போடுவாளாம்.

"தூசி படக்கூடாதுன்னுதான் அண்ணி... நானே அண்ணனுக்கு இப்படிப் பண்ணிட்டேனே!"

"அழாதடி. உனக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தா, தெரியறதுக்கு? ஈரம் ஒண்ணு இருந்தா போதும், அது குடும்பமே நடத்தும். நல்ல உடம்பைப் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, இப்படிப் படுத்துக் கிடக்கறவங்களைத்தான் பிடிக்கும்."

புதுக் கிண்ணம் வந்தது. கிருமி நீக்கிய தண்ணீரில் அலசி, காயவைத்து எடுக்கும் பொறுப்பை நர்ஸ்களே ஏற்றார்கள். தொட்டியின் வடிகுழாயை மாற்றினார்கள். மருந்து மறுபடி ஏறியது. இந்த முறை காய்ச்சல் திரும்பவில்லை, குழாயை எடுத்தார்கள்.

அவள் அவன் வாயருகே காதை வைத்தாள்.

"என்னடி... இளைச்சுட்ட?"

கரகரத்த, யாருடையதோ போன்ற குரல். அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் பேசுங்க" என்றாள். அவன் பேசப் பேச, பழைய குரல் எங்காவது எட்டிப் பார்க்குமா என்று கேட்டபடியே இருந்தாள்.