கடைவாய்ப் பல்லும் தக்காளி வேரும்

தக்காளி வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுவோடு மல்லுக்கட்டியே காலம் ஓட்டியவளை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் வேரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம். இப்போதுதான் நிரந்தர இடம் ஒன்று காலியாகி, நேர்காணலும் வந்தது. தேர்வுக்குழு முதலில் பார்ப்பது ஆய்வுத் தரவுத்தளத்தில் உள்ள அவளுடைய பக்கத்தைத்தான். அதைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'ஆய்வுப் பொருள்: தக்காளி வேர்ப் புழு, கடைவாய்ப் பல் வேர்ச் சிகிச்சை. முறைகள்: தொட்டிச் சோதனை, எக்ஸ்ரே. முக்கியக் கட்டுரைகள்:' மூன்றும் பல்!

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்த வீட்டுக்காரர் வாயைத் திறந்து காட்டினார். "இந்தப் பக்கம் ரெண்டு நாளா வலிக்குது, கொஞ்சம் பாரேன்."

"சும்மா இருங்க, இன்டர்வியூ நேரத்துல இது வேற."

மறுநாள் காலையிலேயே நூலகர் அம்மாவிடம் போய் நின்றாள். அவர் பக்கத்தை மேலிருந்து கீழே பொறுமையாகப் படித்தார்.

"உங்க பேரு, உங்க இனிஷியல், அதே மாதிரி ஒரு பல் டாக்டர் எங்கேயோ இருக்காங்க. கம்ப்யூட்டர் ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டு, கட்டுரைங்களைப் பாத்து சுருக்கத்தையும் அதுவே எழுதிடுச்சு. பிரிக்கச் சொல்லிடலாம். ஆனா உங்க கட்டுரைங்களை மத்தவங்க எடுத்துக் காட்டின மேற்கோள் எண்ணிக்கை பாதியாயிடும்மா."

நேர்காணலுக்கு முன்னால் பாதி போனால் கதை கந்தல்தான்.

"போகட்டும் மேடம். அது என் சம்பாத்தியம் இல்லை."

நூலகர் நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி என்ன இனிஷியல் போட்டீங்க?"

"அப்பாவோடது." சொன்ன பிறகுதான் உறைத்தது. எம்.எஸ்சி. முடித்த கையோடு எழுதியவை எல்லாம் அந்த எழுத்தில்தானே வந்தன! தேடினால், அதே பெயர், அப்பாவின் இனிஷியல், நாதியற்றுக் கிடக்கும் இன்னொரு பக்கம்.

பல் கட்டுரைகளைப் பிரிக்கவும் பழைய பக்கத்தைச் சேர்க்கவும் நூலகர் கோரிக்கை அனுப்பினார். அன்றைய சக ஆசிரியர்கள், துறை முகவரி எல்லாவற்றையும் சான்றாக இணைத்தார். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டார், மகராசி.

நேர்காணலுக்கு முந்தைய நாள் பக்கம் மாறியிருந்தது. எண்ணிக்கை என்னவோ குறைவுதான். ஆனால் முக்கியக் கட்டுரைகளில் முதலாவது, தக்காளிக்கு நடுவே சாமந்தி நட்டுப் புழுவைக் குறைத்த அவளுடைய முதல் கட்டுரை. குழுத் தலைவர் வேறு எதையும் தொடவில்லை. அரை மணி நேரமும் அதைப் பற்றித்தான் கேட்டார்.

நியமன உத்தரவு வந்த அன்று அவள் நேரே நூலகத்துக்கு ஓடினாள். நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது.

"நான் என்னம்மா செஞ்சேன், ஒரு கேள்விதானே கேட்டேன்."

"இத்தனை வருஷத்துல அதை யாரும் கேக்கலை மேடம்," என்றாள் வேரக்கா. "நானே கேக்கலை."