இரும்புக் கம்பிக்கு ஒரு வாளித் தண்ணீர்

சோற்றுப் பானை கொதிக்கும் அடுப்பில்தான் றம்லத் ஈயம் பற்றவைக்கும் கோலையும் செருகி வைப்பாள். கோலின் முனை சிவந்ததும் குங்கிலியத்தில் ஒருதரம் தொட்டு எடுப்பாள். புகை மூக்கில் ஏறும், உம்மா திட்டுவார். "சோறு கருகினா வேற ஆக்கலாம் உம்மா. கோல் ஆறினா ஈயம் புடிக்காது" என்பாள், தலையைத் தூக்காமலே.

இவ்வளவு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மாலையில் கண்டிப் பக்கத்து அலவத்துகொட ஊர் றம்லத்தின் கதையைச் சொல்லாமல் விடலாமா? நல்ல வேளை, அவள் இங்கே இல்லை. இருந்திருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பாள்.

கண்டியில் விளக்குக் கடை வைத்திருக்கும் மஹ்ரூபின் மகள் அவள். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்து பங்களா ஒன்று கழித்துப் போட்ட றேடியோவை வாப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வயதில் அதைப் பிரித்தாள். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சியது, றேடியோ பாடியது. அதன்பிறகு பழுதான பெட்டிகள் பஸ்ஸில் ஊருக்கு வரத் தொடங்கின. சின்ன பற்றரியை நாக்கில் தொட்டுப் பார்த்து, "உயிர் ஈக்கிது" என்பாள். கடுத்தால் உயிர், சப்பென்றிருந்தால் மையித்து, பிணம்.

அடுத்த வீட்டு ஹவ்வா உம்மாவின் மகன் நஸீம் கொழும்பில் படிக்கிறான். கால் வீக்கத்தால் அவருக்குப் பயணம் முடியாது. மகனின் குரலைக் கேட்டு ஒரு வருஷம். மழையில்லாத ஒரு பெப்ரவரியில், வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கொழும்பு றேடியோவில் அவன் இறைபுகழ்ப் பாட்டான பைத்து ஓதப்போகிறான் என்று செய்தி வந்தது. தன் வீட்டு றேடியோவைத் தேடி ஊரே வரும் என்று பூரித்துப்போன அந்தத் தாய், முற்றத்தைத் திருத்தி, சுவருக்கு வெள்ளையடித்து, ஒரு வாரம் நொண்டியபடியே வேலை பார்த்தார்.

வெள்ளி வந்தது. ஹெட்போனில் மட்டுமே கேட்கும் அந்த றேடியோவில் இரைச்சல்தான். அதன் அடியில் எங்கோ தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல ஒரு முணுமுணுப்பு.

"எண்ட புள்ளட சத்தம் கேக்காமப் பெய்த்திடுமா, றம்லத்?" ஹவ்வா உம்மாவின் குரல் உடைந்தது.

"பயப்படாதீங்க மாமி" என்றாள். அவளுக்கே பயம்தான், போன வருஷம் அந்தப் பெட்டியை வைத்துக் கொடுத்தவள் அவளாயிற்றே.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பெரிய பற்றரியின் ஊசியைக் கழற்றிச் செருகினாள். காதில் 'டக்'கென்று அடித்தது. பற்றரி நல்லது. வால்வின் உள்ளே இழை மங்கிச் சிவந்திருந்தது. நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள். காதுக்குள் மணிபோல ஒலித்தது. வால்வும் நல்லது. அப்படியானால் பெட்டிக்குள் நோயில்லை. பலாமரத்தில் கட்டிய ஏரியல் கம்பியைக் கழற்றினாள். முணுமுணுப்பும் நின்றது. திரும்ப மாட்டினாள். அடுத்து, ஜன்னல் வழியே மண்ணுக்குப் போகும் எர்த் கம்பியைக் கழற்றினாள்.

ஒன்றும் மாறவில்லை.

கண்ணை மூடி இன்னொருதரம் கழற்றி மாட்டினாள். கம்பி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மண்ணைத் தொட்டும் தொடாத கம்பி.

வெளியே ஓடினாள். ஜன்னலுக்குக் கீழே, தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு எடுக்கும் இடத்தில்தான் இரும்புக் கம்பியைப் போன வருஷம் அவளே அடித்திருந்தாள். ஐந்து வேளையும் தண்ணீர் விழும் மண், காயாது என்ற கணக்கில். இப்போது அங்கே பளபளவென்று புதிய சீமேந்து வடிகான் ஒன்று. தண்ணீர் எல்லாம் அதில் வழுக்கி வாழைக்குப் போய்விடுகிறது. கம்பியைச் சுற்றி மண் வெடித்துக் கிடந்தது, காய்ந்த மண்ணில் எர்த் பிடிக்காது.

"வாற ஆக்கள்ட கால்ல சேறு படக்கூடான்னுதான் புள்ள கட்டினேன்" என்றார் ஜன்னலில் நின்ற ஹவ்வா உம்மா. முகம் வெளிறிவிட்டது. "நானே கெடுத்துட்டேனா?"

"ஹெட்போன மாட்டுங்க மாமி."

எர்த் நன்றாகப் பிடிக்க அடுப்படியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளிவந்து மண்ணில் தூவி, கிணற்று வாளியைக் கவிழ்த்தாள். மண் உறிஞ்சிக் குடித்தது. இன்னொரு வாளி. உள்ளே ஹவ்வா உம்மா அசையாமல் நின்றார். கண்கள் மெல்லப் பெரிதாயின. இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்தினார். கன்னத்தில் நீர் இறங்கியதைத் துடைக்கவில்லை. முற்றத்தில் நின்ற ஊர் ஜன்னலை நெருங்கியது.

வெடிப்புகள் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருந்தன. றம்லத் கிணற்றுக்கும் கம்பிக்குமாக நடந்தாள். நஸீமின் குரல் அவளுக்கு எட்டாது. மண் களகளவென்று குடிக்கும் ஓசைதான் கேட்டது. அந்த முகம் தெளிவாயிருக்கும்வரை போதும் என்று ஊற்றினாள்.

ஹவ்வா உம்மா தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். ஒரு பக்கத்தைப் பட்டியிலிருந்து திருகி எடுத்து மற்றதைத் தன் காதில் வைத்துக்கொண்டார். எடுத்ததை ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே, வயர் எவ்வளவு நீளுமோ அவ்வளவுக்கும் நீட்டிப் பிடித்தார். றம்லத் ஒரு கையால் வாளியைச் சரித்தபடியே, ஈரக் கையால் முக்காட்டை ஒதுக்கி, அதில் காதைச் சாய்த்தாள்.