கொஞ்சம் இறங்கட்டும்

என் கணவர் மைக்கைக் கையில் வாங்கினால் நான் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். வீட்டில் நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற மனிதர், மைக் கிடைத்தால் வள்ளலாகிவிடுவார்.

எல்லோரும் முகக்கவசம் மாட்டிக்கொண்டு திரிந்த வருஷம் அது. சூலூரில் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். கூட்டம் கூடக் கூடாதென்று சொல்லிச் சொல்லியே வாசல் முழுக்கக் கூட்டம். நாத்தனாருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள், சின்னவள் பள்ளிக்கூடம். தறி ஓட்டம் மந்தம், வீட்டுக் கடன் வேறு, இதில் இரண்டு பெண்களை எப்படிக் கரையேற்றுவது என்று நாத்தனார் யாரிடமோ புலம்பியது இவர் காதில் விழுந்துவிட்டது. முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"பெரியவ கல்யாணத்துக்கு மாமன் சீரு பத்துப் பவுன் நான் போடறனுங்க. இது எல்லாரும் கேக்கச் சொல்றது."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்வது? ரூபாயில் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஒரு கணக்குக்கு வந்திருக்கலாம். பவுனில் சொல்லிவிட்டார். பவுன் ஏறினால் அவர் கொடுத்த வாக்கும் சேர்ந்து ஏறும் என்பது அந்தப் பந்தலில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் மாமன் சபையில் சொன்ன சீர் அரைப் பவுன் குறைந்தாலும் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

காசே இல்லாமல் சொன்னார் என்று சொல்ல முடியாது. வெள்ளகோவிலில் இருந்த ஒரு துண்டு நிலத்தை விற்றதில் நாலு லட்சத்து இருபதாயிரம் கையில் நின்றது. அன்றைக்குப் பவுன் நாற்பத்திரண்டாயிரத்தைத் தொட்டிருந்தது. அதாவது கச்சிதமாகப் பத்துப் பவுன். நாளைக்கே போய் வாங்கிவிடலாம் என்று சொன்னேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கணபதிப் பகுதியில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். தாமிரக் கம்பி எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று தனக்குத் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. ஒரு தடவை கைவசம் பணம் இருந்ததால் கூடுதலாகக் கம்பி வாங்கிப் போட்டார், அடுத்த வாரமே விலை ஏறியது. அந்த ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார்.

"உச்சத்துல போய் யாராச்சும் வாங்குவாங்களா அம்மிணி? கொஞ்சம் இறங்கட்டும். பணம் உன்ர கணக்குலயே கெடக்கட்டும், எங்கிட்ட இருந்தா செலவாகிப்போகும்."

பணத்தை என் பேங்க் கணக்கில் போட்டுவிட்டு நிம்மதியாகப் பட்டறைக்குப் போய்விட்டார்.

எனக்குத் தங்கம் ஏறுமா இறங்குமா என்று தெரியாது. ஆனால் அவரைத் தெரியும். இறங்கினால் இன்னும் இறங்கட்டும் என்பார். ஏறினால் இறங்காமலா போகும் என்பார். மொத்தத்தையும் அவர் பேச்சை மீறி நானே ஒரே நாளில் வாங்கவும் பயம். வாங்கிய மறுநாள் சரிந்துவிட்டால் அந்தப் பேச்சை ஆயுசுக்கும் கேட்க வேண்டும். அவர் சொல்வதும் நிஜமாகிவிடலாமே. அதனால் நாலு லட்சத்து இருபதாயிரத்தை அறுபது மாதத்துக்குப் பிரித்தேன். மாதம் ஏழாயிரம்.

டவுன்ஹால் பக்கம் ஒரு நகைக்கடையில் போய் விசாரித்தேன். கவுன்டரில் இருந்த பெண் குளிர்ந்த மோர் கொடுத்து, பதினோரு மாதச் சீட்டு, சேதாரத்தில் தள்ளுபடி என்று வரிசையாக ஒப்பித்தாள்.

"கண்ணு, நான் கட்டறது பணமாச் சேருமா, கிராமாச் சேருமா?"

"ரெண்டும் இருக்குதுங்க அக்கா. பணமாச் சேத்தா, கடைசியில நீங்க நகை எடுக்கற அன்னிக்கு என்ன ரேட்டோ அதுதானுங்க. கிராமுன்னா, நீங்க கட்டற அன்னன்னிக்கு ரேட்டுல வரவு வெச்சிருவோம்."

முதல் வகையில் சேர்ந்தால், மாதாமாதம் கட்டுவது போலத் தோன்றுமே தவிர, வாங்குவது என்னவோ கடைசி நாளில்தான். பதினோரு மாதம் காத்திருந்து ஒரே நாள் விலைக்குக் கழுத்தை நீட்டுவதற்கு என் கணவர் இலவசமாகவே இருக்கிறாரே. கிராம் சீட்டிலேயே சேர்ந்தேன். மாதா மாதம் ஐந்தாம் தேதி என் கணக்கிலிருந்து தானாகப் பணம் போய்விடும்படி பேங்கில் எழுதிக் கொடுத்தேன். யோசிக்கிற வேலையை எனக்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒன்று சொல்ல வேண்டும், பணம் இருக்கிறதா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. விலை என்ன என்றுதான் கேட்பார்.

ஏழெட்டு மாதத்தில் விலை நிஜமாகவே சரிந்தது. முப்பத்து நாலாயிரம் வரை வந்தது. அவர் வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

"பாத்தியா? அன்னிக்கே வாங்கியிருந்தா பவுனுக்கு எட்டாயிரம் நட்டம்."

"சரிங்க, இப்ப வாங்குங்க."

"அவசரப்படாத. முப்பதுக்கு வருது. டீக்கடையில அத்தன பேரும் சொல்றாங்க."

நான் சோற்றைப் போட்டேன். முதல் மாதம் என் ஏழாயிரத்துக்கு ஒன்றேகால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. விலை சரிந்த மாதத்தில் அதே ஏழாயிரத்துக்கு ஒன்றரை கிராமையும் தாண்டிவிட்டது. ஊரே விலை சரிந்ததென்று உச்சுக்கொட்டுகிறது, எனக்கோ எடை கூடுகிறது. அந்த ஆனந்தத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாததுதான் பெரிய கஷ்டம். கணக்கில் மிச்சமிருப்பதையெல்லாம் அப்போதே எடுத்துக் கட்டிவிடலாமா என்று கை பரபரத்தது. இன்னும் இறங்கினால் என்ன செய்வது என்று அடக்கிக்கொண்டேன். இப்போது நினைத்தால், அந்த அடக்கமும் அவருடைய முப்பதாயிரத்துக்குத் தங்கச்சிதான்.

முப்பது வரவேயில்லை. முப்பத்தெட்டு ஆனது, நாற்பத்து நாலு ஆனது, ஐம்பதைத் தாண்டியது. ஒவ்வொரு படியிலும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. எங்கோ சண்டை, அது முடிந்தால் இறங்கும். அமெரிக்காவில் வட்டி, அது மாறினால் இறங்கும். தீபாவளி முடியட்டும், முகூர்த்த மாதம் போகட்டும். நான் பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை சேர்ந்த எடைக்கு வேலைப்பாடு இல்லாத வளையலாக எடுத்து, பீரோவில் பழைய புடவைக்கு அடியில் வைத்து, மறுபடி சீட்டில் சேர்ந்தேன். வளையல் எடுக்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டிக்கு, கணக்கில் மிச்சப் பணத்துக்கு வந்த வட்டியே போதுமானதாக இருந்தது.

பெரியவள் கல்யாணம் நிச்சயமானபோது பவுன் எண்பதாயிரம். நிச்சயம் முடிந்து வீடு திரும்பிய மனிதர் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அந்தப் பணத்துக்கு அஞ்சேகாலுப் பவுன்தான் வரும். பட்டறை மிஷின் ஒண்ணை வித்துப்போடலாமுன்னு பாக்கறேன்" என்றார். "சபையில சொல்லிப்போட்டேன். தங்கச்சி மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

அத்தனை வருஷம் மனதுக்குள் அவரை வைத வசவெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. பீரோவைத் திறந்து வளையல்களைக் கொண்டுவந்து மடியில் வைத்தேன். கடைசிச் சீட்டைப் பாதியில் முடித்துக்கொண்டதால் அதற்கு மட்டும் சேதாரத் தள்ளுபடி கிடைக்கவில்லை. அதெல்லாம் போக ஒன்பதரைப் பவுன் இருந்தது.

"ஏது இது?"

"உங்க பணந்தானுங்க. மாசாமாசம் ஏழாயிரமாக் கட்டிச் சேத்தது. கணக்குல இப்ப ஒண்ணுமில்ல."

ஒவ்வொரு வளையலாக எடுத்துக் கையில் எடை பார்த்தார். கண் கலங்கியது. இப்போது ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"ஏன் அம்மிணி, அன்னிக்கே மொத்தமா வாங்கியிருந்தா பத்து வந்திருக்குமல்ல?"

"வந்திருக்குமுங்க."

"முப்பத்து நாலுல வாங்கியிருந்தா பன்னெண்டு."

"அதுவும் வந்திருக்கும்."

"நான் அப்பவே சொன்னேன், மொத்தமா வாங்கறதுதான் லாபமுன்னு. உன்ர சில்லறை வியாபாரத்துல அரைப் பவுன் போச்சு."

கோபத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கணக்கு சரிதான், அதுதான் கூடுதல் எரிச்சல். விலை ஏறிக்கொண்டே போன காலத்தில் முதல் நாளே மொத்தமாக வாங்கியவன்தான் ஜெயித்திருப்பான். ஆனால் அது ஏறிய பிறகுதான் தெரியும். இறங்கிக்கொண்டே போயிருந்தால் அதே ஆள் தலையில் துண்டைப் போட்டிருப்பான். நான் ஜெயிப்பதற்காகக் கட்டவில்லை, தப்பான ஒரு நாளில் மொத்தமாக மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கட்டினேன். இதையெல்லாம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"மொத்தமா வாங்கினவங்க ஜெயிச்சிருப்பாங்க. நீங்க எங்கீங்க வாங்கினீங்க?" என்று மட்டும் வந்தது.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குறைந்த அரைப் பவுனுக்கு ஒரு மோதிரம் வாங்க இருவரும் கடைக்குப் போனோம். கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. என் கணவர் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நாளைக்கு ஏதாச்சும் இறங்குமுங்களா?" என்று விற்பனையாளரைக் கேட்டார். அந்த மனிதர் இது தினமும் கேட்கிற கேள்விதான் என்பது போலச் சிரித்தார். இவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே பில் போடப் போய் வரிசையில் நின்றார்.

கல்யாணத்தன்று தட்டில் வளையலும் மோதிரமும் வைத்து மேடை ஏறினார். "மாமன் சீரு பத்துப் பவுனுங்க" என்று மைக்கில் சொன்னார்கள். நாத்தனார் இவர் தோளில் சாய்ந்து அழுதாள். "எங்கண்ணன் சொன்னாச் சொன்னதுதானுங்க" என்றாள். கீழே முதல் வரிசையில் இருந்த எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளலாம் போலவும் இருந்தது.

அப்போது மறுபடி மைக் அவர் கைக்குப் போனதைப் பார்த்தேன்.

"சின்னவளுக்கும் பத்துப் பவுன் நானே போடறனுங்க."

மண்டபமே கை தட்டியது. இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என் காதருகே குனிந்தார்.

"அம்மிணி, அந்த மாசாமாசம் கட்டறது இருக்குதல்ல, அதையே சின்னவளுக்கும் ஆரம்பிச்சுப்போடலாமா?"

ஐந்து வருஷத்துக்குப் பிறகு வந்த வார்த்தை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. "ஆரம்பிச்சரலாமுங்க" என்றேன்.

"இப்ப வேண்டாம். எண்பதுல போய் யாரு சேருவா? கொஞ்சம் இறங்கட்டும்."

நான் மேடையைப் பார்த்தபடி தலையாட்டினேன். போன வாரம் மோதிரத்துக்குப் பில் போட அவர் வரிசையில் நின்ற நேரத்திலேயே, நான் ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசிலிருந்து சின்னவள் பேரைச் சொல்லி முதல் மாதம் கட்டியாகிவிட்டது.