நீரின் கோணம் நூற்று நாலரை

தங்கமாரி என்னைவிட இரண்டு வயது சின்னவள். வாய் மட்டும் இரண்டு வயது பெரியது. சுங்குவார்சத்திரத்தில் பாப்பம்மாள் அம்மா மாடியில் வாடகைக்கு விட்டிருக்கும் அறையில் நாங்கள் இருவரும் பாய் போட்டு மூன்று வருடம் ஆகிறது. அவளுக்கு விளாத்திகுளம் பக்கம், எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். அவள் ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் இருந்தாள். நான் இங்கே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். ஒரு பொருள் சரியா தப்பா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. அந்தப் புத்தி அறைக்கு வந்த பிறகும் என்னை விடாது என்பாள்.

அவளுக்கு ஒரே ஆசை, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் முதல்முதலாக அம்மோனியா வாசம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தபோது மற்ற பிள்ளைகளெல்லாம் வெளியே ஓடினார்களாம், இவள் மட்டும் சிரித்தாளாம். அப்படிப்பட்டவள் பதினொன்றாம் வகுப்பு வேதியியலிலேயே தோற்றாள். மற்ற எல்லாவற்றிலும் பாஸ், பன்னிரண்டாம் வகுப்பும் பாஸ். அந்த ஒரு பேப்பர் மட்டும் நாலு வருடமாகக் கிடக்கிறது. அதை முடிக்காமல் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர முடியாது. இந்த ஜூன் மாதத் துணைத்தேர்வு எழுதிவிடுவது என்று முடிவு செய்து, காஞ்சிபுரத்தில் அந்தப் படிப்பில் சேர்வதற்கான விண்ணப்பத்தையும் வாங்கி வைத்துவிட்டாள்.

மே மாதக் கடைசியில் கம்பெனியில் தகட்டு விளிம்பு அவள் வலது கையைக் கிழித்தது. கையுறையையும் தாண்டி ஆள்காட்டி விரலின் நரம்பு வரை போய்விட்டது. தையல் போட்டு, விரல்களைச் சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் பேனா தொடக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது அவள் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏ உச்சி, பரீட்ச போச்சுட்டி" என்றாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வாயைத் திறக்கும். "கை போனா வாய் இருக்குல்லா ஒனக்கு?" என்றேன்.

நான் கோபத்தில் சொன்னது உண்மையாகவே இருந்தது. டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆசிரியரைத் தேர்வு மையமே தரும். வேதியியல் தெரியாத ஆசிரியராகத்தான் தருவார்களாம். அவள் சொன்னதை அவர் எழுதலாம், சொல்லாததை எழுதக் கூடாது. எனக்கு மகிழ்ச்சி. அவள் முகம் விழுந்துவிட்டது.

"எழுத்து சரிட்டி. படத்த எப்படிச் சொல்லுவேன்?"

அவள் பயந்த படம் இரண்டே இரண்டு: அம்மோனியா, நீர். எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று தள்ளுவதை வைத்து மூலக்கூறின் வடிவத்தை வரைந்து, கோணம் ஏன் இவ்வளவு என்று விளக்க வேண்டும். ஐந்து மதிப்பெண். போன முறையும் இதை அப்படியே விட்டுவிட்டு வந்தவள்.

எனக்கு இரண்டாவது ஷிப்ட் வந்த வாரத்தில் காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள், வேதியியல் சுத்தமாகத் தெரியாது. ஆகவே எழுதித் தருபவர் இடத்தில் உட்கார்ந்து பழக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

"நடுவுல இங்கிலீஷ் என் போடு. அது நைட்ரஜன். சுத்தி நாலு பக்கமும் நாலு கோடு."

போட்டேன். கூட்டல் குறி மாதிரி வந்தது.

"மூணு கோட்டு நுனில ஹெச். மேல உள்ளதுல கோட்ட அழிச்சுட்டு ரெண்டு புள்ளி. கோணம் நூத்தியேழுன்னு எழுது."

நான் பென்சிலை வைத்துவிட்டேன். "இது தொண்ணூறுட்டி. நூத்தியேழுன்னு எழுதுனா எங்க லைன்ல இத ரிஜெக்ட் பண்ணிருவோம்."

அவள் கத்தினாள், நான் கத்தினேன். "புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு!" "ஏன் இருக்கு?" என்றேன். மனப்பாடம் செய்திருந்தாளே ஒழிய ஏன் என்று அவளுக்கும் தெரியாது. நாலு வருடத்துக்கு முன் தோற்ற காரணம் அன்று காலை எங்கள் இருவருக்கும் சேர்ந்தே தெரிந்தது.

புத்தகத்தை முதலிலிருந்து வாசித்தாள். நைட்ரஜனைச் சுற்றி நாலு இரட்டைகள். மூன்று பிணைப்பில் இருப்பவை, ஒன்று தனித்தது. நான்குக்கும் எதிர் மின்சுமை, ஒன்றைக் கண்டால் ஒன்றுக்கு ஆகாது, முடிந்த அளவு விலகி நிற்கும். நான் கீழே போய் ஒரு உருளைக்கிழங்கும் நாலு ஈர்க்குச்சியும் எடுத்து வந்தேன். தாளில் போட்ட மாதிரியே குத்தினேன். பக்கத்துக் குச்சிக்கு இடைவெளி தொண்ணூறுதான். "தாள்தானட்டி தட்ட. கெழங்கு உருண்டைலா!" என்று அவள் இடது கையால் குச்சிகளைப் பிடுங்கினாள். ஒன்றை மேலே, மூன்றைக் கீழே கால் மாதிரி விரித்துக் குத்தச் சொன்னாள். கிழங்கு நின்றது. எந்தக் குச்சியிலிருந்து எந்தக் குச்சியைப் பார்த்தாலும் ஒரே இடைவெளி. "இது நூத்தியொம்பதரை. நாலும் ஒரே மாதிரி இருந்தா இதான்" என்றாள். அவள் குரலே மாறிவிட்டது.

"அப்ப நூத்தியேழு எங்கருந்து வந்துது?"

பிணைப்பில் உள்ள இரட்டையை இரண்டு பக்கமும் இரண்டு அணுக்கருக்கள் பிடித்து இழுக்கின்றன, அதனால் அது ஒல்லியாக இருக்கும். தனித்த இரட்டையைப் பிடிக்க ஒரு கருதான். அது கையைக் காலைப் பரத்திப் படுக்கும், பக்கத்தில் இருப்பவர்களைத் தள்ளும். "ஒன்ன மாதிரி" என்றேன். பாயில் முக்கால்வாசி அவளுக்கு, சுவர் எனக்கு. மூன்று வருடக் கணக்கு அது.

அவள் கட்டுக்கு வாங்கிய பஞ்சை எடுத்து மேல் குச்சியில் கனமாகச் சுற்றினோம். பஞ்சு இடித்ததும் கீழே இருந்த மூன்று குச்சியும் ஒன்றையொன்று நெருங்கின. கொஞ்சம்தான். நூற்றொன்பதரை நூற்றேழாகும் அளவுக்கு.

துணி காயப்போட வந்த பாப்பம்மாள் அம்மா கிழங்கைப் பார்த்து நின்றுவிட்டார். "இன்னாம்மா இது, பஞ்ச சுத்தி குச்சி குத்திகினு கீறீங்க? யாருக்கு சூனியம் வச்சிகினு கீறீங்க?"

"அம்மோனியாவுக்கும்மா" என்றாள் தங்கமாரி. அந்த அம்மா அன்று முழுவதும் எங்களிடம் சரியாகப் பேசவில்லை.

மறுநாள் நீர். ஆக்சிஜனில் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு தனித்த இரட்டை. ஆக்சிஜனை மேலே எழுதி, இரண்டு கோட்டையும் கீழே இறக்கச் சொன்னாள். நான் தாராளமாக விரித்து வரைந்தேன், அம்மோனியாவை விட அகலமாக.

"ஏன்ட்டி இவ்வளவு விரிச்ச?"

"மூணு பேர் இருந்த எடத்துல இப்ப ரெண்டு பேருதான? காலாட்டிக்கிட்டு இருக்கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு குச்சிக்கும் பஞ்சு சுற்றிக் காட்டினாள். பஞ்சுக் குச்சிகள் இரண்டும் ஒன்றோடொன்றும் சண்டை, ஒல்லிக் குச்சிகளோடும் சண்டை. ஒல்லி இரண்டும் போக இடமில்லாமல் இன்னும் நெருங்கின. நூற்று நாலரை. "பேரு வாங்குறது ஹைட்ரஜன். தள்ளுறது இந்தப் பஞ்சுக" என்றாள்.

அதன் பிறகு எங்கள் லைனில் சுவரில் தொங்கும் வேலைத் தாளைப் போலவே அவளைச் சொல்ல வைத்தேன். ஒரு வரியில் ஒரு வேலை. கடைசி வரி எப்போதும் சரிபார்ப்பு. "மேலே ஒரு கோடு" என்று அவள் மொட்டையாகச் சொன்னால் தாளின் உச்சியில் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சும்மா இருப்பேன். "சவத்த மூதி" என்று திட்டுவாள். நம் பக்கம் வரும் கோட்டுக்குத் தடித்த ஆப்பு வடிவம், பின்னால் போவதற்கு விட்டு விட்டுக் கோடு, தாளிலேயே இருப்பதற்குச் சாதாரணக் கோடு என்று சொல்லப் பழகினாள். மூன்று வாரத்தில் கடைசிப் பக்கம் தவிர ஒரு நோட்டு தீர்ந்தது. அதில் பாதி என்னுடைய தப்புகள்.

தேர்வன்று லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். உள்ளே நடந்ததை அவள் வெளியே வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். எழுத வந்தவர் முனிரத்தினம் என்ற தமிழாசிரியர், முத்து முத்தான கையெழுத்து. கேள்வி வந்தது: அம்மோனியா, நீர், படத்துடன். அம்மோனியா ஒரு குறையில்லாமல் முடிந்தது. நீருக்கு வந்ததும் அவர் கோடுகளைத் தாராளமாக விரித்துவிட்டார்.

"நீ பதறாதம்மா, நல்லா எடம் வுட்டே போட்டுக்கீறேன்" என்றாராம்.

இவள் பேனாவைத் தொடக்கூடாது. ஆனால் அந்தத் தப்பை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். "சார், சரிபாக்கணும். ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. தண்ணிக் கோணம் அம்மோனியாக் கோணத்த விடச் சின்னதா இருக்கா?"

அவர் பார்த்தார். "இல்லியேம்மா."

"அப்ப அத அடிச்சிருங்க. மொதல்லருந்து சொல்லுதேன்."

முடிக்கும்போது மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்ததாம். சொல்லிவிட்டு வாசலிலேயே என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

முடிவு வந்தது. பாஸ். தேவையானதற்கு மேல் மூன்றே மதிப்பெண். அவளால் நம்ப முடியவில்லை, விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்தாள். வந்ததும் என்னிடம்தான் முதலில் நீட்டினாள். முத்துக் கையெழுத்து நடுவில், அடித்துவிட்ட அகலமான ஒரு நீர். அதன் கீழே சரியான நீர். ஓரத்தில் சிவப்பில் ஐந்துக்கு ஐந்து. அந்த அகலமான படத்தை நான் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன். என் நோட்டிலிருந்து எடுத்து வைத்தது போலவே இருந்தது.

"நீ மொதல்லயே சரியா வரஞ்சிருந்தேன்னு வையி, நான் அங்கன போயி முழிச்சிருப்பேன்" என்றாள். என் தப்பு ஒன்று உருப்படியானது அதுதான் முதல் தடவை.

காஞ்சிபுரம் கிளம்பும் அன்று கட்டு இல்லை. விரல் முழுதாக மடங்காது. கம்பெனிக்கு வேலையை விடும் கடிதம் எழுதுவாள் என்று பார்த்தால், என் நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து அந்தக் கையாலேயே பென்சில் பிடித்தாள். பெரிய எழுத்தில் ஆக்சிஜன், மேலே இரண்டு இரட்டைப் புள்ளிகள், கீழே இரண்டு கோடு, நுனிகளில் ஹைட்ரஜன். நீர். கோடெல்லாம் கோணல் மாணல்.

"சரிபாரு" என்றாள்.

நான் பக்கத்தைத் திருப்பி அம்மோனியாவோடு வைத்துப் பார்த்தேன். சின்னதாகத்தான் இருந்தது. என் லைனில் செய்வதைப் போலவே மூலையில் ஓகே என்று எழுதி, கீழே என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அவள் பஸ் ஏறும் வரை நான் அழவில்லை.

அன்று பாயை நடுவில் விரித்தேன். முழுப் பாயும் எனக்குத்தான். சுவர் ஓரமாகவே படுத்தேன்.